பிறந்த குழந்தையின் முதல் ஊசிகள்: காய்ச்சல், வீக்கம், அழுகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று இரவு எட்டு மணிக்கு மேல் என் போன் அடித்தால் யாரென்று பார்க்காமலே எடுப்பேன். "அக்கா, பாப்பாவுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது" என்றுதான் பாதிப் பேச்சு தொடங்கும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராகப் பல வருடமாக இந்த போன்களை எடுத்துப் பேசியிருக்கிறேன். நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: எந்த ஊசி, போட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு? பயப்பட வேண்டியதையும் பயப்பட வேண்டாததையும் முக்கால்வாசி இந்தப் பதிலே பிரித்துக் காட்டிவிடும்.

பிறந்தப்பவே ஊசி போட்டாங்க, 45 நாளில் மறுபடியும் போடுறாங்க. எதுக்குக் காய்ச்சல் வரும்?

45-ஆம் நாள் ஊசிக்கு வரும். பிறந்தவுடன் போடுவதற்குப் பெரும்பாலும் வராது.

பிறந்ததும் கொடுப்பவை மூன்று. இடது தோளில் காசநோய்க்கான பி.சி.ஜி., தொடையில் மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி ஊசி, வாயில் இரண்டு சொட்டு போலியோ மருந்து. இவை உடம்பை அதிகம் தொந்தரவு செய்யாதவை. தொடையில் லேசாகச் சிவந்திருக்கும், மறுநாள் போய்விடும், அவ்வளவுதான்.

ஆறு வாரம் முடிந்ததும் போடுவதைத்தான் நம் ஊரில் 45 நாள் ஊசி என்கிறோம். அதில் இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி, வலது கையில் தோலுக்குள் சின்னதாக ஒரு போலியோ ஊசி, போதாக்குறைக்கு போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு எல்லாம் ஒரே நாளில். காய்ச்சலுக்கு முக்கியக் காரணம் அந்தப் பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தரும் ஹிப் என்று ஐந்து நோய்க்கான மருந்து அதில் இருக்கிறது. இதில் கக்குவானுக்கானது கொல்லப்பட்ட முழுக் கிருமி. உடம்பு அதை அடையாளம் கண்டு சண்டைக்கு நிற்கும்போது சூடு ஏறுகிறது, தொடை வீங்குகிறது. நியூமோகாக்கல் ஊசியும் சேரும்போது சூடு இன்னும் கொஞ்சம் கூடலாம்.

பிறந்து ஒன்பது நாள்தான் ஆகுது, உடம்பு சுடுது. ஊசிக் காய்ச்சல்னு விட்டுடலாமா?

விடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் நடந்தது. தலைப்பிள்ளை, தாய் வீட்டில் இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஊசி எல்லாம் போட்டு மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாகிவிட்டது. ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளை சுட்டது. பக்கத்து வீட்டு அம்மா, "ஊசி போட்டா அப்படித்தான், ரெண்டு நாள்ல சரியாப் போகும்" என்றார். அன்று பகல் முழுக்கப் பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு, பிறகு தூக்கம். "சுட்டுக்கிட்டே தூங்குது, அசதிதானே" என்று நினைத்துவிட்டார்கள். சாயங்காலம் எனக்குச் சொன்னபோது நான் கேட்டது இரண்டே கேள்வி: பால் எத்தனை முறை குடித்தது, ஊசி போட்டு எத்தனை நாள். ஒன்பது நாள் என்றதும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னேன். ரத்தத்தில் கிருமித் தொற்று. பத்து நாளுக்கு மேல் ஊசி மருந்து ஏற்றிப் பிழைத்து வந்தது. ஒரு பகல் தாமதமானதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும்.

முதல் ஒரு மாதத்தில் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலும், அதற்கு மேல் போனாலும் தொற்று என்றே நினைத்து அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு துணி சுற்றி, தொப்பி போட்டு, கதவைச் சாத்தி வைத்திருந்தாலும் உடம்பு சுடும். அதனால் துணியைத் தளர்த்திக் கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் சூடு இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காதீர்கள். உடம்பு சில்லென்று குளிர்ந்து கிடப்பதும் இந்த வயதில் ஆபத்துதான்; சூட்டை மட்டும் தேடாதீர்கள்.

45 நாள் ஊசி போட்டா எப்ப காய்ச்சல் ஆரம்பிக்கும், எவ்வளவு நேரம் இருக்கும்?

ஊசி போட்ட அன்றே, பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். சுமாராக இரண்டில் ஒரு குழந்தைக்கு வருகிறது, பாதிப் பேருக்கு வருவதே இல்லை. வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் குழந்தைக்குப் போட்டதை அப்படியே மணி வாரியாகச் சொல்கிறேன். எடை 4.2 கிலோ. காலை பத்தரைக்கு ஊசி. மதியம் வரை நன்றாகத் தூங்கியது. நாலு மணிக்குச் சிணுங்க ஆரம்பித்தது. இடது காலைத் தொட்டால் மட்டும் கத்தியது. ஆறு மணிக்கு அக்குளில் 100.8. பால் வழக்கத்தை விடக் குறைவாக, ஆனால் அடிக்கடி குடித்தது. அரை மில்லி பாராசிட்டமால் சொட்டு கொடுத்தார்கள். ஏழேகாலுக்கு வியர்த்து, 99.4-க்கு இறங்கித் தூங்கியது. இரவு ஒரு மணிக்கு மறுபடி 101. இன்னொரு முறை மருந்து. வியாழன் காலையில் 99.8, மதியம் சூடே இல்லை. வெள்ளிக்கிழமை காலை இடது தொடையில் ஒரு சின்ன வீக்கம் மட்டும் பாக்கி.

இதுதான் சரியான ஊசிக் காய்ச்சல். அன்றே தொடங்குகிறது, மருந்துக்கு இறங்குகிறது, இறங்கிய நேரத்தில் பிள்ளை முகம் பார்க்கிறது, பால் குடிக்கிறது, மூத்திரம் போகிறது. இதில் ஏதாவது ஒன்று மாறினால்தான் கவலை. வெள்ளிக்கிழமை காலையிலும் சூடு இருந்திருந்தால், அல்லது சனிக்கிழமை புதிதாகக் காய்ச்சல் வந்திருந்தால், அதை ஊசியின் தலையில் கட்ட முடியாது. 102-ஐத் தாண்டினாலும், மருந்து கொடுத்தும் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தாலும் மணிக்கணக்குப் பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

மருந்து எவ்வளவு கொடுக்கணும்? கடையில ரெண்டு பாட்டில் காட்டுறாங்க.

அந்த இரண்டு பாட்டில்தான் பிரச்சனையே. ஒன்று சொட்டு மருந்து, இன்னொன்று சிரப். இரண்டிலும் பாராசிட்டமால் என்றே எழுதியிருக்கும், ஆனால் அடர்த்தி வேறு. நம் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் பொதுவாக ஐந்து மில்லிக்கு 125, அதாவது ஒரு மில்லிக்கு 25. ஐந்து மில்லிக்கு 250 உள்ள சிரப்பும் உண்டு, அது பெரிய பிள்ளைகளுக்கு.

கணக்கு எடையைப் பொறுத்தது: ஒரு முறைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். மேலே சொன்ன 4.2 கிலோ குழந்தைக்கு 42 முதல் 63 மில்லிகிராம் வரை போகலாம், நாம் 50 என்று வைத்துக்கொள்ளலாம். சொட்டு மருந்தில் அது அரை மில்லி. 125 சிரப்பில் இரண்டு மில்லி. இப்போது "ரெண்டு மில்லி" என்று காதில் வாங்கிக்கொண்டு வந்து, கையில் இருக்கும் சொட்டு மருந்தில் இரண்டு மில்லி ஊற்றினால் என்ன ஆகும்? 200 மில்லிகிராம், நான்கு மடங்கு. ஈரல் தாங்காது. அதனால் எத்தனை மில்லி என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பாட்டிலை எடுத்துக் காட்டி, இந்த மருந்தில் எத்தனை மில்லி என்று கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். சுகாதார நிலையத்தில் மாத்திரையாகக் கொடுத்தால் எத்தனை பங்கு, எதில் கரைப்பது என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் ஆறு மணி நேர இடைவெளி விடுவது நல்லது. 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். மருந்தோடு வரும் சொட்டுக் குழாய் அல்லது ஊசியில்லா சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. ஐபுப்ரோஃபென் ஆறு மாதத்துக்குக் கீழே வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைக்கு எப்போதும் கிடையாது. காய்ச்சலுக்கு ஊசி போடச் சொல்லி யாரிடமும் போய் நிற்க வேண்டாம், குறிப்பாக அதே தொடையில்.

காய்ச்சல் வரும்னு தெரியுதே, முன்னாடியே கொடுத்துடலாமா?

தேவையில்லை. ஊசிக்கு முன்னாலேயே பாராசிட்டமால் கொடுத்துப் பழகினால் ஊசி உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி சற்றுக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சூடு வந்து பிள்ளை அவதிப்படும்போது கொடுத்தால் போதும்.

ஊசி போட்ட கால் வீங்கி கல்லு மாதிரி இருக்கு. சீழ் பிடிச்சிருக்குமா?

பெரும்பாலும் இல்லை. எந்தக் கால் என்று முதலில் பாருங்கள். இடது என்றால் பென்டாவேலன்ட், வலது என்றால் நியூமோகாக்கல். முதல் இரண்டு நாள் சிவந்து, சூடாக, தொட்டால் வலியாக இருக்கும். அதுவே மூன்றாம் நாளுக்குப் பிறகு நிறம் போய், உள்ளே பட்டாணி அளவிலோ கொட்டைப்பாக்கு அளவிலோ ஒரு கட்டி மட்டும் நிற்கலாம். மருந்து தசையில் மெதுவாகக் கரைவதற்காக அதில் அலுமினிய உப்பு சேர்த்திருக்கிறார்கள். அதைச் சுற்றித்தான் இந்தக் கட்டி. வலிக்காது. சில வாரத்தில், சிலருக்கு ஒன்றிரண்டு மாதத்தில், தானாகக் கரையும். தேய்க்க வேண்டாம், அமுக்க வேண்டாம்.

சீழ் பிடித்தால் வேறு மாதிரி இருக்கும். குறைய வேண்டிய நாளில் கூடும். முதல் நாளை விட நான்காம் நாள் சிவப்பு பரவும், மேல் தோல் பளபளக்கும், தொட்டால் உள்ளே நீர் நிறைந்த பை மாதிரி அசையும், பிள்ளை அந்தக் காலையே அசைக்காது, அடங்கிய காய்ச்சல் மறுபடி வரும். சிவப்பு எவ்வளவு பரவியது என்று தெரிய ஒரு சின்ன வழி உண்டு: ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைத்து, மறுநாள் காலையில் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் அன்றே காட்டுங்கள்.

ஒத்தடம் பற்றிக் கேட்பார்கள். முதல் நாள் சுத்தமான துணியைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மேலே வைக்கலாம். சுடுதண்ணீர், உப்பு மூட்டை, மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம். மஞ்சள் பூசிய தொடையில் சிவப்பு கூடுதா குறையுதா என்று எனக்கே தெரியாமல் போன நாள் உண்டு.

45 நாள் ஊசி போட்ட மறுநாளே தோளில் கொப்புளம் வந்திருச்சு. ஊசி ஒத்துக்கலையா?

இந்தக் கேள்வி மாதம் ஒன்றாவது வரும். கொப்புளம் எந்தக் கையில்? இடது தோளில் என்றால் அது நேற்றைய ஊசி இல்லை, பிறந்தப்போது போட்ட பி.சி.ஜி. ஆறு வாரத்துக்கு முன் போட்டது இப்போதுதான் தலை காட்டுகிறது. 45 நாள் ஊசியோடு நேரம் ஒத்துப்போனதால் பழி இதன் மேல் விழுகிறது.

பி.சி.ஜி. போட்ட நிமிடம் தோல் குட்டியாக உப்பும், சிறிது நேரத்தில் அமுங்கிவிடும். பிறகு இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாது. அதன் பின் ஒரு சிவந்த பரு வரும், பெரிதாகும், உடைந்து கொஞ்சம் நீரோ சீழோ வடியும், பொருக்குக் கட்டும், கடைசியில் தழும்பு. மூன்று மாதம் வரை கூட ஆகலாம். இப்படித்தான் ஆக வேண்டும். பிதுக்க வேண்டாம், டெட்டால் வேண்டாம், களிம்பு, பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் குளிக்க வைத்து மெல்ல ஒற்றி எடுங்கள், போதும்.

இடது அக்குளில் கொட்டைப்பாக்கு அளவுக்குள் ஒரு நெறி கட்டினால் பயமில்லை. அது எலுமிச்சை அளவுக்குப் போனாலோ, மேலே தோல் சிவந்து மெதுமெதுவென்று ஆனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் கீறுவதோ பிளாஸ்திரி ஒட்டுவதோ கூடாது. தழும்பே வராத குழந்தைகளும் உண்டு, அதற்காக மறுபடி போடுவதில்லை.

விடாம அழுவுது. எவ்வளவு நேரம் அழுதா ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

இடைவிடாமல் மூன்று மணி நேரம். இதில் முக்கியமான சொல் இடைவிடாமல்.

சாதாரண ஊசி அழுகை அலை அலையாக வரும். கத்தும், தூக்கினால் விசும்பும், மார்பில் வைத்தால் அடங்கும், தொட்டிலில் போட்டால் திரும்ப ஆரம்பிக்கும். வீட்டில் எல்லாரும் தூக்கம் இழப்பார்கள். ஆனால் இடையில் பால் குடிக்கிறது, கொஞ்சம் தூங்குகிறது என்றால் விடிந்ததும் சரியாகிவிடும். மடியில் போட்டுக்கொண்டு ஊசி போட்ட தொடை உங்கள் உடம்பில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி அழுகை அந்தக் காலைப் பிடித்துத் தூக்குவதால் வருவதுதான்.

அபூர்வமாகச் சில குழந்தைகள் வேறு குரலில், கிறீச்சென்று, எதற்கும் அடங்காமல் கத்தும். பால் வாங்காது, தூக்கினாலும் நிற்காது. பொதுவாக முதல் நாளிலேயே வரும். தானாகவே நின்றுவிடும், பின்னால் பாதிப்பும் இருக்காது. ஆனாலும் காதிலோ வயிற்றிலோ வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாக்டர் கண் பட வேண்டும்.

வயிறு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ரோட்டா சொட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாந்தி, இளக்கமாக மலம் போவது சகஜம். ஆனால் மிக அபூர்வமாக, முதல் ஒரு வாரத்தில் குடல் குடலுக்குள் சொருகிக்கொள்ளலாம். அந்த அழுகையை ஒருமுறை பார்த்தால் மறக்காது: திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக் கத்தும், முகம் வெளுக்கும், சில நிமிடத்தில் ஓய்ந்து துவண்டு கிடக்கும், கால் மணி நேரத்தில் மறுபடி. வாந்தி வரும், பச்சையாகவும் வரலாம். மலத்தில் சளியோடு ரத்தம் தெரியும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. உரை மருந்து, கிரைப் வாட்டர் கொடுத்து நேரம் கடத்தாதீர்கள். அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.

துணி மாதிரி துவண்டு போச்சு, இல்லேன்னா வலிப்பு வெட்டு வந்துச்சுன்னா?

108-ஐக் கூப்பிடுங்கள். ஊசி போட்ட முதல் இரண்டு நாளில், பெரும்பாலும் முதல் பன்னிரண்டு மணி நேரத்தில், அபூர்வமாகச் சில குழந்தைகள் வெளுத்து, தொய்ந்து, கூப்பிட்டால் திரும்பாமல் கிடக்கும். சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் தானாகத் தெளிந்துவிடும், பின்விளைவு விடுவதில்லை. ஆனால் பார்த்ததும் அது அதுதான் என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். வெட்டு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், கையில் சாவியும் திணிக்காதீர்கள். எத்தனை நிமிடம் என்று பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டி நெஞ்சு குழிந்து இழுத்தாலும் இதே அவசரம்தான்.

அரை மணி நேரம் உட்காரச் சொல்றாங்க. பஸ் போயிடுமே?

அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக மிக அபூர்வம், ஆனால் வந்தால் நிமிடக் கணக்கில் வரும்: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, துவளுதல். அதற்கான அட்ரினலின் ஊசி எங்கள் பெட்டியில் இருக்கிறது, பஸ்ஸில் இல்லை.

அன்னைக்குக் குளிப்பாட்டலாமா?

காய்ச்சல் இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம். எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடும் வேலை மட்டும் அந்த வாரம் வேண்டாம். குளிப்பாட்ட வரும் பாட்டியிடம் எந்தத் தொடை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

தனியார்ல வலி இல்லாத ஊசி இருக்காமே?

இருக்கிறது. அதில் கக்குவானுக்கு முழுக் கிருமிக்குப் பதிலாக அதன் சில பகுதிகள் மட்டும் இருக்கும். குத்தும் வலி அதிலும் உண்டு. காய்ச்சலும் வீக்கமும்தான் குறைவு. பதிலுக்குக் கக்குவானுக்கான பாதுகாப்பு சற்றுச் சீக்கிரம் குறைகிறது. ஒரு ராத்திரித் தூக்கத்துக்காக அத்தனை காசு கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். என் பேரனுக்கு அரசு ஊசிதான் போட்டோம்.

போன தடவை ரொம்ப அவஸ்தைப்பட்டுச்சு. 75-ஆம் நாள் ஊசியை விட்டுடலாமா?

காய்ச்சல், வீக்கம், சிணுங்கல் மட்டும் என்றால் தள்ளவும் வேண்டாம், விடவும் வேண்டாம். மூன்று மணி நேர அழுகை, துவண்டு போனது, வெட்டு என்று ஏதாவது நடந்திருந்தால் ஊசிக்கு முன் டாக்டர் பார்த்து முடிவு செய்வார். உயிராபத்தான ஒவ்வாமை வந்திருந்தால் அதே ஊசி மறுபடி கிடையாது.

டாக்டர் கேட்கப்போவது "ரொம்ப" எவ்வளவு என்றுதான். அதனால் தாய் சேய் அட்டையின் ஓரத்தில், ஊசி போட்ட மணி, சூடு ஆரம்பித்த மணி, தெர்மாமீட்டரில் பார்த்த எண், கொடுத்த மருந்து, அழுத நேரம் இவற்றை எழுதி வையுங்கள். மேலே சொன்ன பெண் குழந்தையின் அம்மா அப்படித்தான் எழுதியிருந்தார், பென்சிலில். இரண்டாவது முறை பத்தரை மணிக்கு ஊசி போட்டோம். அன்று இரவு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை.